மூன்றாவது மணி நேரத்தில் எரியும் கால்

பஞ்சக்கா அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகச் சேர்ந்து இருபத்தேழு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆபரேஷன் முடியும் தறுவாயில், உள்ளே போன பஞ்சுத் துண்டுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று சத்தமாக எண்ணுவது அவர் வேலை. எண்ணி முடிக்கும் வரை எந்தக் கொம்பனும் தையல் போட முடியாது. ஒருமுறை இருபதுக்குப் பத்தொன்பதுதான் வந்தது. இருபத்திரண்டு நிமிடம் எல்லோரையும் அப்படியே நிறுத்தி வைத்தார். இருபதாவது துண்டு எலும்பு டாக்டரின் செருப்படியில் ஒட்டிக்கொண்டு சுகமாக இருந்தது. அன்றிலிருந்துதான் இந்தப் பெயர்.

எலும்பு டாக்டர் ஆறடி இரண்டங்குலம். பஞ்சக்கா நாலடி பத்து. மேஜை டாக்டரின் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்படும், அக்கா ஒரு குட்டி இரும்புப் படியின் மேல் ஏறி நிற்பார். முட்டி மாற்று ஆபரேஷன் என்றால் இரண்டு மணி நேரம், சிக்கலானால் நான்கு மணி நேரம். இடையில் உட்கார்ந்தார் என்று அவரைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மழைக்காலத்தில் வலது கால் எரிய ஆரம்பித்தது. கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கி, பாதத்துக்கு அடியில் ஓடி, கட்டை விரல் வரை எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஆகும். காலையில் ஒன்றும் இராது. நிற்க ஆரம்பித்து மூன்றாவது மணி நேரத்தில் சரியாக வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு வைத்தியத்துக்கா பஞ்சம்? ஒரு முட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த எலும்பு டாக்டர் நிமிராமலேயே சொன்னார்:

"நின்னு நின்னு வர்றதுதான் சிஸ்டர். குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் ஒரு பட்டை ஓடுது, அது புண்ணாயிருக்கும். குதிகாலுக்கு மெத்தை வாங்கிப் போடுங்க. சுத்தியல் குடுங்க."

மயக்க டாக்டர் வைட்டமின் என்றார். தள்ளுவண்டி தள்ளும் அண்ணன், தண்ணீர் பாட்டிலை உறையவைத்து அதன் மேல் காலை உருட்டச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் செய்தார். மெத்தை போட்டார், மாத்திரை விழுங்கினார், பாட்டிலை உருட்டினார். ஏழு வாரத்தில் பாட்டில்தான் நசுங்கியது.

வீட்டில் வேறு வைத்தியம். அவருடைய வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் கட்டுக் கட்டுபவர். முப்பது வருடமாக அவர் கட்டிய எந்தப் பெட்டியும் வழியில் பிரிந்ததில்லை. மனைவியின் கால் எரிகிறது என்றதும் பட்டைத் துணி ஒன்றை வாங்கி வந்து, தினமும் காலையில் கணுக்காலைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"ஏங்க, இறுக்குது."

"இறுக்கினாத்தாம்மா பிடிமானம்."

அன்று எரிச்சல் கூடுதலாக இருந்தால் மறுநாள் இன்னும் ஒரு சுற்று கூடும். அக்கா அதன் மேல் சாக்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்பாகக் கட்டிவிடும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

விஷயம் முற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது மணி நேரம் தாண்டியிருந்தது. பொறுக்க முடியாமல் அக்கா வலது காலைச் செருப்பிலிருந்து நைசாக உருவி, படியின் மேல் வைத்து ஆற்றிக்கொண்டார். ரப்பர் செருப்பு படியிலிருந்து வழுக்கி மேஜைக்கு அடியில் போய்விட்டது. அதே நேரம் எலும்பு டாக்டர், ரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கும் கருவியின் மிதியைக் காலால் தேடினார். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. மிதித்தார்.

"என்ன, சுடலையே?"

மறுபடி மிதித்தார். "கரண்ட் இருக்கா பாருங்கப்பா."

"இருக்கு சார்" என்றார் மயக்க டாக்டர்.

மூன்றாம் முறை ஓங்கி மிதித்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்: "சார், அது என் செருப்பு."

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் இந்தக் கதை சமையலறை வரை போய்விட்டது. தலைமை நர்ஸ் அம்மாவும் கூப்பிட்டுவிட்டார். கெட்ட மனுஷி அல்ல, சட்டம் பேசுபவர்.

"நீ நல்லவதான், யாரு இல்லன்னா? ஆனா தியேட்டர்ல செருப்பு நடமாடக் கூடாது. திங்கட்கிழமைக்குள்ள, நிக்கலாம்னு டாக்டர் கையெழுத்தோட கடுதாசி கொண்டு வா. இல்லன்னா கருவி கழுவுற அறைக்கு மாத்திடறேன். அங்க நாற்காலி இருக்கு, உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்."

உட்கார்ந்தே! அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் ஆறு வருட வேலை பாக்கி. அதை ஒரு நாற்காலியில், நீராவிக்கு நடுவில், கத்தரிக்கோல்களை மூட்டை கட்டிக்கொண்டு கழிப்பதா?

எலும்பு டாக்டரிடம் ஓடினார். "அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை குதிகால்ல ஒரு ஊசி போட்டுடறேன். சரியாயிட்டா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருடமாக அடுத்தவருக்கு ஊசி எடுத்துக் கொடுத்த பஞ்சக்காவுக்குத் தன் உடம்பில் ஊசி என்றால் குலை நடுங்கும். அதனால்தான், ஊசி தவிர வேறு எதுவானாலும் சரி என்று, புதன்கிழமை மதியம் கீழ்த்தளத்தில் சலவைக் கூடத்துக்குப் பக்கத்திலிருந்த, உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் பிசியோவின் அறைக் கதவைத் தட்டினார். பிசியோ நாற்பது வயதுப் பெண். யாரையும் விரட்டிப் பேசுவார்.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கு? பட்டைதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"இந்த ஆஸ்பத்திரியில உங்க காலைப் பார்த்தது யாரு?"

"எல்லாருமே சொல்லியிருக்காங்களே."

"சொன்னவங்கள கேக்கல. பார்த்தவங்க யாரு?"

அக்கா யோசித்தார். உறைந்த பாட்டிலைத் தவிர, ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தை ஒருவரும் நெருங்கவில்லை.

சாக்ஸ் போனது, பட்டைத் துணியும் போனது. கணுக்காலைச் சுற்றிக் கிணற்றுக் கயிறு இறுக்கியதுபோல் ஒரு தடம். பிசியோ அதை விரலால் தடவிப் பார்த்தார். முதலில் குதிகாலின் அடியைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

கால் கட்டை விரலை மேல்நோக்கி வளைத்தார். "இப்ப?"

"சும்மா இழுக்குது, அவ்வளவுதான்."

"காலையில கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கறப்போ?"

"அப்பதான் சொர்க்கம்."

"பட்டை புண்ணாயிருந்தா முதல் அடியிலயே உயிர் போகும்க்கா. நாலு அடி நடந்தாத்தான் கொஞ்சம் அடங்கும். எறும்பும் ஊராது. உங்களுக்கு எல்லாம் தலைகீழா இருக்கு" என்ற பிசியோ, உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் இரண்டு விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.

"அம்மாடி!" என்று அக்கா துள்ளினார். பாதத்தின் அடியில் மின்சாரம் பாய்ந்து கட்டை விரலில் போய் முடிந்தது.

பாதத்தை மேலே மடக்கி, வெளிப்பக்கமாகத் திருப்பிச் சில நொடிகள் பிடித்ததும், அந்த மூன்றாவது மணி நேரத்து எரிச்சல் அப்படியே வந்துவிட்டது. அக்கா நின்றுகூட இருக்கவில்லை.

"இந்த இடத்துல ஒரு குறுகலான பாதை இருக்கு. நரம்பு, ரத்தக்குழாய், தசைநாண் எல்லாம் அது வழியாத்தான் பாதத்துக்குள்ள போகுது, மேல நார் மாதிரி ஒரு மூடி இருக்கு. அங்க நரம்பு நெரிபட்டாலோ, ரொம்ப நேரம் இழுபட்டாலோ கீழே எரியும். தப்பு நடக்கறது வாசல்ல, கூச்சல் கேக்கறது கூடத்துல. குதிகால்ல ஊசி போட்டு என்ன பண்ண? அது போகட்டும், யாரு இந்தக் கட்டுக் கட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்."

"என்ன வேலை பார்க்கறாரு?"

அக்கா சொன்னார். பிசியோ சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்து முடித்துவிட்டு வந்தார். "நெரிசலான பாதை மேலயே முடிச்சுப் போட்டிருக்காரு. ஆனா கட்டுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கே. நீங்க எப்படி நிக்கறீங்கன்னு நான் பார்க்கணும்."

வியாழக்கிழமை பிசியோ பச்சை உடை மாட்டிக்கொண்டு தியேட்டர் மூலையில் குந்தி உட்கார்ந்தார். எல்லோரும் ஆபரேஷனைப் பார்க்க, அவர் மட்டும் அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் படி ஒரு காலுக்குத்தான் காணும். மேஜை முன்னால், கருவித் தட்டு வலப்பக்கம். அதனால் வலது பாதம் வெளியே திரும்பியிருந்தது, அதன் உள்விளிம்பு பாதி அந்தரத்தில் தொங்கியது. தட்டை நோக்கிச் சாயும்போதெல்லாம் கணுக்கால் உள்பக்கம் சரிந்து மடங்கியது. ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு தடவை.

வெள்ளிக்கிழமை ஊசி அறையில் எலும்பு டாக்டர் மருந்தை ஏற்றி வைத்திருந்தார். பிசியோ உள்ளே வந்தார்.

"சார், ஊசிக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்களே குதிகாலை அழுத்திப் பாருங்க. அப்புறம் இங்க தட்டிப் பாருங்க."

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அழுத்தினார். அக்கா சும்மா இருந்தார். கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். அக்காவின் கால் எகிறி மருந்துத் தட்டை உதைத்தது, ஊசி தரையில் உருண்டது. அது உருண்டதில் அக்காவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். "நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றார்.

"எந்த அன்னிக்கு சார்?" என்றார் பிசியோ. டாக்டர் குனிந்து ஊசியைத் தேடினார்.

ஆனாலும் மனிதர் நேர்மையானவர். இடுப்பிலிருந்து வரும் நரம்பு வலியா என்று சோதித்தார், இல்லை. சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார், சரியாக இருந்தது. நரம்பில் மின்சாரம் ஓட்டிப் பார்க்கும் சோதனையில், இடது காலை விட வலது பாதத்து நரம்பு மந்தமாக ஓடியது தெரிந்தது. கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள், இல்லை. கட்டு கூடாது. கணுக்கால் உள்ளே சரியாதபடி செருப்புக்குள் ஒரு தாங்கல் வைக்க வேண்டும். படியை மாற்ற வேண்டும். நரம்புக்கு மெல்லிய பயிற்சி. ஆறு வாரத்தில் தேறாவிட்டால் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லிக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை தலைமை நர்ஸ் அம்மா கடுதாசியை இரண்டு தடவை படித்தார். "நிக்கலாம்னுதான் எழுதியிருக்கு. எவ்வளவு நேரம்னு இல்லையே? நீயே சொல்லு. எவ்வளவு நேரம் நிப்ப?"

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று நாக்கு நுனி வரை வந்தது. இருபத்தேழு வருடமாக அதுதான் பதில். ஆனால் இல்லாத எண்ணைச் சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு மணி நேரம்மா. அப்புறம் பத்து நிமிஷம் உட்காரணும்."

சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. தலைமை நர்ஸ் அம்மா பேனாவை எடுத்தார். "பத்து நிமிஷம் மாத்தி விட ஒரு ஆள் போடறேன். ஆறு வாரம் பார்ப்போம். போ, தியேட்டருக்குப் போ."

ஆறு வாரம் முடிந்தபோது எரிச்சல் அடியோடு போயிருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் சாயங்காலத்தில், எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மாற்றல் உத்தரவு கிழிக்கப்பட்டது. பார்சல் ஆபீஸ்காரர்தான் இரண்டு வாரம் கை வெறுமையாகத் திரிந்தார். பிறகு பிசியோ அவருக்கு மனைவியின் பயிற்சியை எண்ணும் வேலையைக் கொடுத்தார்.

அந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஆபரேஷனுக்கு நடுவில் மாற்று நர்ஸிடம் இடத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்தபோது, அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கீழே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த அறையின் கால்களைப் பார்த்ததே இல்லை. மயக்க டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். எலும்பு டாக்டர் கொக்குபோல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றார் அக்கா, எலும்பு டாக்டரிடம். "உங்களுக்கு எத்தனை மணிக்கு எரியுது?"

"ஆபரேஷன் நடக்குது சிஸ்டர். பேசாம இருங்க."

நான்கு தையல் போனது.

"காலையில எழுந்த உடனே" என்றார் டாக்டர், நிமிராமல். "முதல் அடியில. வெளிய சொல்லிடாதீங்க."

"அப்படின்னா உங்களுக்குத்தான் சார் பட்டை" என்றார் பஞ்சக்கா. "கீழ்த்தளத்துக்குப் போங்க. சாக்ஸைக் கழட்டச் சொல்லுவாங்க, முரண்டு பண்ணாதீங்க."