சாய்ந்து நின்ற டிராக்டர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு டைல்ஸ் கடை. அதன் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். இருபது பெண்கள், இருபது கம்ப்யூட்டர். திரையில் ஒரு வயல் படம் வரும். அதில் ஒரு டிராக்டர் இருக்கும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவியைச் சுற்றிக் கட்டம் போட்டு, அது கலப்பையா, ஹாரோவா, கல்டிவேட்டரா என்று லேபிள் ஒட்ட வேண்டும். எங்கோ யாரோ ஒரு கம்ப்யூட்டருக்கு இதையெல்லாம் அடையாளம் காணப் பழக்குகிறார்களாம். அதற்கு முன்னால் நாங்கள் பழக வேண்டியிருந்தது.

எங்கள் வரிசையில் ஆறு பேர். மற்ற ஐந்து பேர் ஒட்டியதைச் சரிபார்ப்பவள் நான். “நீ கீழ்பென்னாத்தூர் பொண்ணு, நிலம் நீச்சு இருக்கிற வீடு, உனக்குத் தெரியாததா” என்று மேனேஜர் சார் எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார். நானும் இல்லையென்று சொல்லவில்லை. உண்மையில் தம்பி டிராக்டர் ஓட்டுவான், நான் சாப்பாடு கொண்டுபோவேன். அவ்வளவுதான் எனக்கும் உழவுக்கும் இருந்த சம்பந்தம்.

அதனால்தான் பயிற்சியில் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் மண்ணைக் கிளறுவது எல்லாமே கலப்பைதான். ஒன்பது கொம்பு வைத்த கல்டிவேட்டரை ஒன்பது கலப்பை என்போம். வட்டமாகச் சட்டி போல இரும்பு இருந்தால் அது சட்டிக் கலப்பை. நான் எல்லாவற்றுக்கும் கலப்பை என்று ஒட்டிவிட்டேன். பயிற்சி கொடுக்க வந்தவர் இருபது பேர் முன்னால் என் திரையைச் சுவரில் போட்டுக் காட்டினார். அதில் சட்டி வைத்த பல படங்கள் ஹாரோவாம். டவுன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன்: இனிமேல் சட்டி கண்ணில் பட்டால் ஹாரோ.

எங்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். டவுனில் தேரடிப் பக்கம் வளையல் கடை வைத்திருந்த அம்மாவோடு இருந்தாள். புருஷன் வீட்டை விட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டவள். பிள்ளைகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அவன் கேஸ் போட்டிருந்தான். திங்கட்கிழமை கோர்ட். நிலையான வேலை இருக்கிறது, அந்த வேலையை நல்லபடியாகப் பார்க்கிறாள் என்று ஆபீஸ் லெட்டர்பேடில் ஒரு சான்று வாங்கி வரும்படி வக்கீல் சொல்லியிருந்தார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மேனேஜரிடம் சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு வாரத்தில் நூற்றுக்கு ஐந்து படத்துக்கு மேல் தப்பானால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் லாகினை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும். அவளுக்கு ஏற்கனவே இரண்டு வந்திருந்தது. மூன்றாவது அந்தச் சனிக்கிழமை நான் அனுப்ப வேண்டிய பட்டியலில் இருந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாயங்காலம் ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று நாலு மணிக்கே ஆபீஸை மூடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் பட்டியல் போக வேண்டும். மதியம் ஒன்றரைக்கு அவள் என் மேஜைக்கு வந்தாள்.

“அக்கா, இந்தப் படத்த ஒரு தடவ பாருங்க. கலப்பனு நான் போட்டேன். நீங்க ஹாரோனு மாத்திட்டீங்க.”

பார்த்தேன். ஒரே புழுதி. கருவி பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அறுத்த பயிரின் தாளுக்கு நடுவில் இரண்டு சட்டியின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

“சட்டி தெரியுதில்ல? அப்புறம் இன்னா?”

“டிராக்டர் சாஞ்சிருக்குக்கா.”

“இன்னாது?”

“ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. கலப்பனு நீங்களே ஒத்துக்கிட்ட படத்துலலாம் ஓடுற டிராக்டர் இப்படித்தான் சாஞ்சிருக்கு. ஹாரோல நேரா நிக்குது. மூணு வாரமா பாத்துட்டு வரேன்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. வளையல் கடைக்காரி எனக்கு உழவு சொல்லித்தருகிறாளா? “வயல்னா மேடு பள்ளம் இருக்கும்மா. டிராக்டர் சாயறத வச்சு ஜோசியம் சொல்ல முடியாது. போய் வேலையப் பாரு” என்றேன். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். மற்ற நான்கு பேரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் யார் கையும் மவுஸில் அசையவில்லை.

பட்டியலைத் திறந்து அவள் பெயருக்கு வந்தேன். அனுப்புகிற பொத்தான் மேல் விரல் இருந்தது. எரிச்சல் அடங்கவில்லை. அவள் சொன்னது தப்பு என்று காட்டிவிட்டே அனுப்பலாம் என்று அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கினேன். வயலுக்கு அப்பால் கரண்ட் கம்பங்கள் நேராக நின்றன. அடிவானம் நேராக இருந்தது. டிராக்டர் மட்டும் வலது பக்கம் இறங்கியிருந்தது. அடுத்த படம் வேறு ஏதோ ஊர், வேறு நிறத்து வண்டி. அதுவும் அப்படியே.

மாடிப்படிக்குப் போய்த் தம்பிக்கு போன் செய்தேன். மணி இரண்டு இருபது.

“இன்னாக்கா, வேல நேரத்துல?”

“சட்டிக் கலப்ப ஓட்டும்போது டிராக்டர் சாயுமாடா?”

அவன் சிரித்தான். “சாயாம? வலது சக்கரம் சாலுக்குள்ள இல்ல ஓடும்?”

“சாலுக்குள்ளயா?”

“கலப்ப மண்ண ஒரே பக்கமா பொரட்டிப் போட்டுனு போவுது. பின்னாடி சால் பள்ளமா நிக்கும். அடுத்த சுத்துல வலது சக்கரத்த அந்தப் பள்ளத்துல உட்டுத்தான் ஓட்டணும். மொத சால்ல சாயாது. அதுக்கப்புறம் ஓட்டி முடிக்கிற வரைக்கும் சாஞ்சினுதான் போவும். உக்காந்து ஓட்டி இடுப்பு உட்டுப்போவுது, உனக்குத் தெரியாதா?”

“ஹாரோ? அதான், சின்னச் சின்ன சட்டி வரிசையா இருக்குமே?”

“அது உழுத நெலத்துல கட்டி ஒடைக்கிறது. ஒரு வரிச இந்தப் பக்கம் தள்ளுனா இன்னொன்னு அந்தப் பக்கம் தள்ளும். சால் விழாது. அப்புறம் எங்க சாயறது? ஒன்பது கலப்பையும் அப்படித்தான், கீறிட்டுப் போவும், வண்டி நேரா நிக்கும். இன்னாத்துக்குக் கேக்குற?”

போனை வைத்தேன். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வரப்பில் நின்ற நாட்களில், அவன் ஒருக்களித்து உட்கார்ந்து வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டைல் காட்டுகிறான் என்று நினைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து அந்த வாரம் அவளுடையதில் நான் மாற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கருவியைத் தூக்கி நிறுத்தியிருந்த படங்களில் சிக்கலே இல்லை. கலப்பையில் பெரிய சட்டி இரண்டோ மூன்றோ, தனித்தனிக் கையில் மாட்டியிருக்கும், வால் பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஹாரோவில் சின்னச் சட்டிகள் நிறைய, அவள் கடையில் கோலில் கோத்த வளையல் போல ஒரே தண்டில் இருக்கும். மண்ணுக்குள் இறங்கிய படங்களில்தான் நான் சட்டியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஹாரோ போட்டிருந்தேன். முப்பத்தொரு படத்தில் இருபத்திரண்டு என் தப்பு. மீதி ஒன்பதும் அவள் தப்புதான். புழுதிக்குள் கல்டிவேட்டரின் கொம்பைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தாள். ஆனால் வாரத்துக்கு ஐந்நூறு படம் பார்க்கிறவளுக்கு ஒன்பது தப்புக்கு எச்சரிக்கை வராது.

மேனேஜர் அறைக்குப் போனபோது மணி மூன்று. அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், மூணாவது எச்சரிக்கை கெடையாது. நான் தப்பா மாத்திட்டேன்.”

அவர் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, லாகின் இருக்கட்டும். ஆனா லெட்டர் தர முடியாதும்மா. நல்லபடியா பாக்குறானு எப்படி எழுதறது? ரெண்டு எச்சரிக்கை ரெக்கார்டுல இருக்கே.”

அந்த இரண்டையும் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். “நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பழைய வாரங்களின் படங்கள் திறக்கவே நேரம் எடுத்தன. கீழே ரோட்டில் போலீஸ் தடுப்பு இழுக்கும் சத்தம் கேட்டது. பஸ்கள் ஹாரன் அடித்தன. இரண்டாவது எச்சரிக்கை வந்த வாரம்: அதே புழுதி, அதே சாய்வு, அதே என் ஹாரோ. முதல் எச்சரிக்கை: அதுவேதான். சாய்கிறதா என்று தெரியாத படங்களும் இருந்தன. அவற்றில் பின்னால் மண்ணைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பள்ளமாகச் சால் திறந்து கிடந்தால் கலப்பை, பரவலாகச் சமமாக இருந்தால் ஹாரோ. அவள் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்கக் கூடாது. கடைசி நாற்காலியில் அவள் லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் அரை மணியில் போகப்போகிற வேலையை யார் அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள்?

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று வாரத்தையும் மேனேஜர் முன் வைத்தேன். அவர் எச்சரிக்கைகளை அழித்தார். அழித்தால் அந்தக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். ‘சரிபார்த்தவர் தவறு’ என்று தட்டி, என் பெயரையும் தட்டினார். “உன்ன அந்த சீட்டுல இனிமே வச்சிக்க முடியாது, தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். பிறகு அவர் லெட்டர்பேடை எடுத்தார்.

படிக்கட்டில் அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் போல. “தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன்.

“மொத வாரமே சொன்னேன்க்கா” என்றாள். “நீங்க நெலம் இருக்கிறவங்க. நான் சொன்னா கேப்பீங்களா?”

சொல்லிவிட்டுக் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள். பஸ் கிடைக்காமல் பைபாஸ் வரை நடந்தேன். வழியெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் கேட்டது. என் பதவி போனதுகூட அவ்வளவு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை என்னை அவள் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.

“பசங்க?” என்றேன்.

“எங்கிட்டதான் இருக்காங்க. அடுத்த வாய்தா வரைக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரையைத் திறந்தாள்.

பதினோரு மணிவாக்கில் நான் கலப்பை என்று ஒட்டிய ஒரு படம் திரும்பி வந்தது. புதிதாகச் சரிபார்க்க வந்த பெண் ஹாரோ என்று மாற்றியிருந்தாள். எனக்கு வழக்கம்போலச் சுள்ளென்று வந்தது. எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். பிறகு அதிலேயே உட்கார்ந்து, திரையைப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திருப்பினேன்.

“இதக் கொஞ்சம் பாரேன். சாயுதா?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, கம்பத்தைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பின்னால் கிடந்த மண்ணைப் பார்த்தாள்.

“சாயலக்கா” என்றாள். “நீங்கதான் தப்பு.”

மாற்றி ஒட்டினேன்.