கடைசிக் கேள்வி கமலாத்தாளுக்கு

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, குப்பண்ணனுக்குச் சொந்தமான, அவரே மேனேஜராக இருந்த தமிழ்ப் பள்ளியில், விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக ஆறாம் வகுப்பு எடுத்தாள் செல்லாத்தாள். அது 1974. அதற்குப் பத்து வருஷம் முன்பே, மலையிலிருந்து வரும் ஓடையைக் குப்பண்ணன் கரை போட்டு மறித்துத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பியிருந்தார். ஊர்க்குளம் வற்றியது. குளத்தை நம்பிய அவளுடைய அப்பாவின் வயலும் காய்ந்தது. நியாயம் கேட்கப் போன அப்பாவை ஊரார் முன்னால் வெயிலில் நிற்கவைத்து, "தண்ணி வேணும்னா மானத்தைப் பாரு" என்று வானத்தைக் காட்டிச் சிரித்தார் அவர். அப்பா இப்போது கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலைக்கு வாட்ச்மேன்.

கல்வி அதிகாரி பார்க்க வரும் மாதிரி வகுப்புக்கு அவள் நீர்ச்சுழற்சியை எடுத்துக்கொண்டாள். பாடக்குறிப்பில் நோக்கம், பொருட்கள், செய்முறை, கடைசியில் நாலு கேள்விகள். தலைமையாசிரியர் படித்துவிட்டுத் தலையாட்டினார். தாளில் எந்த வம்பும் இல்லை.

அன்று முன்வரிசையில் அதிகாரியும் குப்பண்ணனும் உட்கார்ந்தார்கள். அகலமான தட்டில் ஒருபுறம் களிமண் மலை, மறுபுறம் கடலாக ஒரு கிண்ணம், மலையடியில் குளமாக ஒரு குழி. கிண்ணத்தில் கொதிக்கும் உப்புத்தண்ணீர் ஊற்றி, தட்டு முழுவதையும் ஒரு கண்ணாடியால் மூடி, மலைக்கு மேலே கண்ணாடியின் மீது ஐஸ்கட்டி வைத்தாள். சற்று நேரத்தில் கண்ணாடிக்கு அடியில் துளிகள் கோத்தன. ஒவ்வொன்றாக மலைமேல் சொட்டின.

"தண்ணி ஆவியாக என்ன வேணும்?"

"சூடுங்க டீச்சர்!"

"துளி எப்படி வந்துச்சு?"

"ஆவி குளுந்துங்க!"

ஒரு பையன் துளியை நக்கிப் பார்த்தான். கரிக்கவில்லை. ஏனென்று கேட்டாள்.

"உப்பு ஆவியாகாதுங்க, கீழயே தங்கிருமுங்க."

அதிகாரி சிரித்தார். செல்லாத்தாள் கண்ணாடியை எடுத்துவிட்டு, மலைச்சரிவின் நடுவே விரல் தடிமனில் ஒரு களிமண் கரை வைத்தாள். இந்தத் துளிகள் ஓடப் போதாது என்பதால் ஒரு டம்ளர் தண்ணீரை மலையுச்சியில் ஊற்றினாள். அது கரையில் முட்டிப் பக்கவாட்டில் ஓடியது. குழி காய்ந்தே கிடந்தது.

"மழை பெஞ்சும் குளம் ஏன் நிறையலை? கமலாத்தாள், நீ சொல்லு."

கமலாத்தாள் குப்பண்ணனின் மகள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. தட்டைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"நடுவுல கரை இருக்குதுங்க டீச்சர். எங்கப்பா ஓடையில போட்டிருக்காரே, அதாட்டம்!"

அதிகாரி மெல்லத் திரும்பிக் குப்பண்ணனைப் பார்த்தார். மாதிரி வகுப்பைப் பார்க்க வந்து சன்னலுக்கு வெளியே நின்ற பெற்றோரும் பார்த்தார்கள். கமலாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. உதடு கோணி அழுதாள். செல்லாத்தாள் அவளைத் தேற்றவில்லை. குப்பண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின் குப்பண்ணன் அவளிடம் வந்தார்.

"பச்சப்புள்ளைய வெச்சு என்னை அடிச்சுட்டியே?"

"எங்கப்பனை வெயில்ல நிறுத்துனப்ப நானும் புள்ளைதானுங்க. பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

மறுநாளே அவளுக்கு வேலை போனது. அதுவரை வாய் திறக்காத ஊர்க்காரர்கள் அந்த வாரமே மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார்கள். குப்பண்ணன் தடுக்க வரவில்லை. ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. கமலாத்தாளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

"அந்தப் புள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கேட்டபோது, "ஒண்ணும் பண்ணலை" என்றாள் செல்லாத்தாள்.