இடம் குறைவு, அடுத்த கட்டு தொடங்கப்படவில்லை

"இடம் குறைவு. கையில் இருந்த கட்டு முழுமையாக எழுதப்பட்டது. அடுத்த கட்டு தொடங்கப்படவில்லை. தொடர வேண்டிய இடம் குறிக்கப்பட்டுள்ளது. நிறுத்தப்படுகிறது."

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் அலுவலகக் கணினி எழுதிவைத்த கடைசி வரிகள் இவை. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் நேரமும் உண்டு. எதற்கும் தேதி போட்டு வைப்பது என் வழக்கம் என்றாலும், ஆட்களின் பெயரை விட்டதுபோல அதையும் இங்கே விட்டுவிட்டேன்.

பெங்களூரில் கல்லூரித் தேர்வு விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, பேராசிரியர்கள் திரையில் பார்த்துத் திருத்தும்படி மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. பகலெல்லாம் ஸ்கேன் ஆகும். மாலையில் அத்தனை படங்களையும் கட்டுக் கட்டாக ஒரு நிரலிடம் ஒப்படைப்போம். அது இரவு முழுக்க ஓடி, ஒவ்வொரு விடைத்தாளையும் ஒரே ஃபைலாக்கி அடுக்கி வைக்கும். இதை நாங்கள் பேட்ச் என்போம். பேட்சுக்குப் பொறுப்பு இரண்டே பேர்: நானும், நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு பெண்மணியும். என்னைவிட வயதில் சிறியவர், வேகத்தில் பெரியவர்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை அவருடைய மகளுக்குப் புதுநன்மை, முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. பிரேசர் டவுன் பக்கம் ஒரு தேவாலயத்தில் பூசை. வெள்ளை கவுன் தைத்தாயிற்று. ஊரிலிருந்து மாமியார் வந்தாயிற்று. திங்கள் காலை பேராசிரியர்கள் திரை முன் உட்காருவார்கள். பேட்ச் கெட்டுப்போனால் ஞாயிறு நாங்கள் இருவரும் அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு அப்படித்தான் போனது. புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கான ஒத்திகை அன்று நடந்தது. மகளை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த முந்தைய ஞாயிற்றின் கதை இது. இரவில் டிஸ்க் நிரம்பிவிட்டது. நிரம்பியது தெரியாமல் நிரல் அடுத்த கட்டு, அடுத்த கட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விடைத்தாளுக்கும் சரியான பெயரில் ஒரு ஃபைலைத் திறந்தது. உள்ளே எழுத இடமில்லாததால் வெறுமனே மூடியது. காலையில் எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக இருந்தது. திறந்து பார்த்தால் சிலது முழுசு, சிலது பாதி, சிலது ஒன்றுமே இல்லை. எங்கே கெடத் தொடங்கியது என்று, நிரல் தன் போக்கை எழுதிவைக்கும் லாகிலும் இல்லை. லாக் எழுதவும் அதே டிஸ்க்கில்தான் இடம் வேண்டும். இருவரும் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடினோம். மதியத்துக்குமேல் எனக்கு எந்த மாணவரின் கையெழுத்தும் எழுத்தாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க, வேலைக்கு நடுவே, இருவரும் நிரலைத் திருத்தினோம். தொடங்கும் முன் அது இடத்தைப் பார்க்க வேண்டும்: போன முறை ஒரு கட்டுக்கு எவ்வளவு பிடித்ததோ அதை இன்றைய கட்டுகளால் பெருக்கி, கொஞ்சம் தாராளமாகக் கூட்டி, அவ்வளவு காலி இல்லையென்றால் தொடங்கவே கூடாது. ஓடும்போதும் ஒவ்வொரு கட்டுக்கு முன்னும் பார்த்து, காலியிடத்தை லாகில் எழுத வேண்டும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் அடுத்ததைத் தொடக்கூடாது. எதுவரை முடிந்தது என்று குறித்துவிட்டு நிற்க வேண்டும். அந்த எல்லை, ஒரு பெரிய கட்டை முடிக்கவும் லாகை எழுதவும் போதுமானதாக இருக்கும். ஒவ்வொரு ஃபைலும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்படும். முழுதாக முடிந்த பிறகே உண்மையான பெயர் கிடைக்கும். உண்மையான பெயர் இருந்தால் உள்ளே முழுத் தாளும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு அந்தப் பெண்மணி ஒன்று சேர்த்தார். சும்மா பூஜ்யங்களால் நிரப்பிய ஒரு பெரிய ஃபைல். ஒன்றுக்கும் உதவாது, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டிஸ்க் அடியோடு நிரம்பி எதுவுமே எழுத முடியாமல் போனால், அதை அழித்தால் உடனே மூச்சுவிட இடம் கிடைக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் கர்சீப். சந்தாபுராவிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகச் சீட்டில் கர்சீப் போட்டுத்தான் நான் பாதி நாள் உட்கார்ந்து வருகிறேன்.

சனிக்கிழமை மாலை பேட்சைத் தொடங்கினோம். தொடங்கவில்லை. போதிய இடமில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

மேனேஜர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசும்போது மட்டும் கன்னடம் கலந்த தமிழ்.

"ஏனாய்த்து? இன்னும் ஸ்டார்ட் ஆகலியா?"

"இடம் பத்தாதாம் சார்," என்றார் பெண்மணி.

"எவ்ளோ குறையுது?"

நான் சொன்னேன்.

"அஷ்டே தானே, அவ்ளோதானா! ராத்திரி எப்படியாவது ஓடிரும். சொல்ப அட்ஜஸ்ட் மாடி. அந்த இடம் பாக்கற செக்க எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

"டிஸ்க்கு அட்ஜஸ்ட் பண்ணிக்காது சார். போன வாரம் பாத்தோமே."

"அப்ப அந்த கர்சீப்ப எடுங்கம்மா. சும்மாதானே இருக்கு."

"இப்பவே எடுத்துட்டா ராத்திரி மாட்டிக்கினா எத எடுக்கறது? உங்க பையயா?"

மேனேஜர் சிரித்தார். சிரித்தாலும் கிளம்பாமல் நின்றார். செக்கை எடுத்துவிட்டுப் பேட்சை ஓட்டினால் அன்று மாலை ஆறு மணிக்கே வீடு போகலாம். பெண்மணியின் கண்ணிலும் அந்த ஆசை தெரிந்தது. எனக்கும் ஆசைதான்.

மேல்மாடியில் சர்வர் பார்க்கும் இளைஞரைக் கூப்பிட்டோம். வந்து தேடி, திருத்தும் திரையை நடத்தும் நிரலின் பழைய லாக் ஒன்று பூதாகாரமாக வளர்ந்திருப்பதைக் காட்டினார். "இத தூக்கிட்டா போதும்க்கா, ஆராம்சே, நிம்மதியா ஓடும்," என்று அழித்தார். மறுபடி காலியிடத்தைப் பார்த்தோம். ஒரு துளி கூடவில்லை.

"இன்னாப்பா, அழிச்சியா, அழிச்சா மாதிரி நடிச்சியா?"

"அழிச்சிட்டேன்க்கா! பாருங்க, ஃபைலே இல்ல."

"ஃபைல் இல்ல, சரி. இடம் எங்க?"

இளைஞர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். அந்த லாகை, திருத்தும் திரையை நடத்தும் நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தது. பெயரை அழித்தாலும், திறந்து வைத்திருப்பவன் மூடும்வரை டிஸ்க் அந்த இடத்தைத் திருப்பித் தராது. நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கினார். இடம் வந்தது. பேட்சும் தொடங்கியது. முதல் சில கட்டுகள் முடியும்வரை நானும் பெண்மணியும் இளைஞரும் நின்று பார்த்தோம்.

லிஃப்டில் பெண்மணி என்னிடம், "சார், நின்னா மெசேஜ் வரும் இல்ல?" என்று கேட்டார்.

"வரும்."

"வரக்கூடாது," என்றார்.

ஞாயிறு விடிந்து கண் விழித்தபோது மெசேஜ் வந்திருந்தது. மேலே எழுதியிருக்கும் அந்த வரிகள்தான். ஏறக்குறைய முக்கால் பங்கு முடிந்த நிலையில் நின்றிருக்கிறது. விடைத்தாள் கணினிகளுக்கு வெளியிலிருந்து நுழைய வழி கிடையாது. நிலையைச் சொல்லும் அந்தச் சின்னச் செய்தி மட்டுமே வெளியே வரும். யாராவது நேரில் போயாக வேண்டும். படுக்கையில் உட்கார்ந்தபடி அந்த ஐந்து வரியை இரண்டு முறை படித்தேன். எழுந்துகொள்ளவே பிடிக்கவில்லை.

அதற்குள் ஃபோன்.

"சார், பாத்தீங்களா? நான் வரேன். அவள மாமியாரோட அனுப்பிர்றேன்."

பின்னால் குக்கர் சத்தம், ஒரு குழந்தை எதையோ காணோம் என்று கத்தும் சத்தம்.

"எதுக்கு வரணும்?"

"திறந்து பாக்கணுமே சார். ஒரு ஆளு எப்படிப் பாப்பீங்க?"

"திறக்கவே வேண்டாம்மா. பேர் வந்ததெல்லாம் முழுசு. நாமதானே அப்படி எழுதினோம்."

"குக்கர அணைங்க," என்று அவர் யாருக்கோ குரல் கொடுத்தார்.

"நீங்க எழுதினத நீங்களே நம்பலன்னா எப்படி?"

"நம்பறேன் சார்... சும்மா நாலு தாளாவது திறந்து பாருங்க."

"பாக்கறேன். கோவிலுக்குப் போங்க."

"பொய் சொல்லல இல்ல? அப்புறம் மதியம் கூப்பிட்டு, வாம்மான்னு சொன்னீங்கன்னா, அவள கவுனோட கூட்டிட்டு வந்து உங்க பக்கத்துல உக்கார வெச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கர்சீப் போடத் தேவையிருக்கவில்லை. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், நடத்துனர் தட்டி எழுப்பினார்.

அலுவலகத்தில் முதலில் இடத்தைப் பார்த்தேன். தாராளமாக இருந்தது. மீதியுள்ள கட்டுகளைப் போல இருமடங்குக்குக்கூடப் போதும். காரணமில்லாமல் நிற்கும்படி எதையோ தப்பாக எழுதிவிட்டோமோ என்று தோன்றியது. லாகைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டுக்கு முன்னும் எழுதிய காலியிடம் வரிசையாக இருந்தது. வெகுநேரம் சீராக, கட்டுக்குக் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. பிறகு ஒரு இடத்திலிருந்து மடமடவென்று சரிகிறது. எங்கள் ஃபைல்கள் அவ்வளவு பிடித்திருக்க முடியாது. வேறு எதுவோ அதே டிஸ்க்கில் இரவு வந்து எழுதி, பிறகு அழித்துவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் மாலையில் பார்த்த காலியிடம் எங்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

கடைசியாக முடிந்த கட்டிலிருந்து பத்துத் தாள்களைத் திறந்தேன். எல்லாம் கடைசிப் பக்கம்வரை இருந்தன. தற்காலிகப் பெயரில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிரலை மீண்டும் தொடங்கினேன். அது இடத்தைப் பார்த்து, குறித்து வைத்த இடத்திலிருந்து போனது. கர்சீப்பைத் தொடவில்லை. மேசையில் தலை சாய்த்துக்கொண்டேன். மதியத்துக்கு முன் முடிந்தது. அதற்கு நடுவே என் ஃபோனில் ஒரு படம் வந்திருந்தது: வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. பக்கத்தில் அம்மா, ஒரு கையில் ஃபோனை இறுக்கிப் பிடித்தபடி. 'முடிந்தது' என்று பதில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை பேராசிரியர்கள் உட்கார்ந்தார்கள், திருத்தினார்கள், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. மேனேஜர் மட்டும் வந்தார்.

"இடம்தான் நெறய இருக்கே. ஏன் நிப்பாட்டிச்சு அது?"

லாகைக் காட்டினேன். பார்த்தார். "கர்சீப் எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்றார்.

"முடிஞ்சிருக்கலாம் சார்," என்று பெண்மணி, புதுநன்மைக் கேக் டப்பாவைத் திறந்து நீட்டினார். "முடியாமலும் போயிருக்கலாம். எடுத்துக்கோங்க."

அன்றிரவு அந்த டிஸ்க்கில் வேறு எது எழுதியது என்று மேல்மாடி இளைஞரிடம் கேட்டேன். சனிக்கிழமை இரவில் ஃபைல்களைத் தானாக நகலெடுக்கும் பேக்கப் வேலை எதுவும் கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். அவர் சேர்வதற்கு முன்பே யாராவது அமைத்து வைத்த ஒன்றாக இருக்கலாமே என்றேன். இருக்கலாம், பார்க்கிறேன் என்றார். அந்த டிஸ்க் பிறகு மாற்றப்பட்டுவிட்டது. அன்றிரவு அந்த இடத்தை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் திருப்பிக் கொடுத்தது பழைய நகல் வேலைதான் என்பது என் ஊகம். இதை எழுதும்வரை அது சரிபார்க்கப்படவில்லை.