பழசா, புதுசா என் பைக் இன்சூரன்ஸ்?

ஆற்றில் முதல் தண்ணீர் வந்த அன்று ஊரே கரையில் நின்று அதைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சாலையைத்தான் பார்க்கவில்லை. வளைவில் வண்டி திரும்பாமல் நேராக வாய்க்காலுக்குள் போய்விட்டது. எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். என் பைக் மட்டும் எழுந்திருக்கவில்லை.

முதல் வேலை, முதல் பைக். ஊர் ஊராகப் போய் உரக்கடைகளில் ஆர்டர் பிடிக்கும் வேலை. வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றது. வண்டியைத் தொடாதீர்கள், முதலில் இன்சூரன்ஸ் ஆபீசில் சொல்லுங்கள் என்றார் அவர்.

வீட்டுக் காகிதமெல்லாம் அப்பாவிடம். அவர் குத்தகை விவசாயி. நீ சாகுபடி செய்யவே இல்லை என்று மிராசுதார் வழக்குப் போட்டபோது, பழைய குத்தகை ரசீதுதான் நிலத்தைக் காப்பாற்றியது. தாலுகா ஆபீஸ் சுவரில் ஆட்சிக்கு ஒரு தலைவர் படம் மாறியது. அந்த ரசீது மாறவில்லை. அதனால் அப்பாவுக்குக் காகிதம் பழசாக ஆக மதிப்பு கூடும்.

தஞ்சாவூர் இன்சூரன்ஸ் ஆபீசில் அப்பா மஞ்சள் பையிலிருந்து மகாராஜா மாதிரி ஒரு பாலிசியை எடுத்து நீட்டினார்.

அங்கிருந்த அதிகாரி அம்மா தேதியைப் பார்த்தார். "ஐயா, இது போன வருஷமே முடிஞ்சு போச்சே."

அப்பா அசரவில்லை.

"இதாம்மா மூலப் பத்திரம். அப்புறம் கட்டுனதுக்கு ஒரு ரசீது குடுத்தாங்க, அதுவும் இருக்கு."

"அது ரசீது இல்லீங்க, அதுதான் பாலிசி! விழுந்த அன்னைக்கு எது நடப்புல இருக்கோ அதுதான் பேசும்."

நடப்புப் பாலிசி, ஆர்.சி. புத்தகம், என் லைசென்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்தார். பழையதை மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் திடீரென்று கை நீட்டினார்.

"அதையும் குடுங்க. போன வருஷம் வேற கம்பெனி. அங்க கிளைம் எதுவும் வாங்கலைன்னு சொல்லித்தான் எங்ககிட்ட தள்ளுபடி வாங்கியிருக்கீங்க. சரிபார்க்கணும்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வழக்கில் ஜெயித்த அன்றுகூட அப்படி நெஞ்சு நிமிர்ந்திருக்காது. காகிதத்தை மட்டும் விடவில்லை.

"நகல் எடுத்துக்கிட்டு மூலத்தைக் குடுத்துடுங்கம்மா. என்னென்ன வாங்கினீங்கன்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பார், அதன் பிறகே ரிப்பேர் தொடங்க வேண்டும், பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்றார்.

என் வேலை பிழைத்தது. வாசலில் குதிக்காத குறைதான் எனக்கு. அப்பா மஞ்சள் பையை என் கையில் திணித்தார்.

"உன் வண்டி. இனிமே நீயே வச்சுக்க."

ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர் அதுவரை யாரையும் நம்பிக் கொடுத்ததில்லை.