தகா பின்னம்

மனைவியின் இறுதிக் காரியங்கள் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை, அரியர் வைத்திருந்த மாணவர்களின் மறுதேர்வுத் தாள்களைத் திருத்தியது. விடைக்குறிப்பும் நான் எழுதியதே. முன்பெல்லாம் அதை என் மனைவி ஒருமுறை பார்த்துத் தருவாள். அவளும் கணிதம் படித்தவள்.

மறுநாள் துறை அறைக்குள் நுழையும்போது, மார்க்கையன்கோட்டையிலிருந்து வரும் இளம் விரிவுரையாளர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "சார் இப்பத்தான் வந்திருக்காக. இத எப்பிடிப் போயி கேக்குறது?"

என்னைக் கண்டதும் ஒரு தாளை நீட்டினார். காமயகவுண்டன்பட்டி மாணவி ஒருத்தியின் தாள். x²/((x−1)(x−2)) என்பதைத் தொகையிட வேண்டும். அவள் விடையின் தொடக்கத்தில் இருந்த x ஒன்றை நான் அடித்திருந்தேன். அந்தக் கணக்கின் மதிப்பெண் இல்லையென்றால் அவள் தேர்ச்சி இல்லை.

"இந்தப் புள்ளையோட எக்ஸு எங்கன போச்சு சார்?"

"அது எங்கிருந்து வந்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்."

பகுதிப் பின்னங்களாக மீண்டும் பிரித்தேன். (x−1)-ஐ மறைத்து மீதியில் x = 1 இட்டால் −1. (x−2)-ஐ மறைத்து x = 2 இட்டால் 4. அவளும் அதே −1, அதே 4 எழுதியிருந்தாள். மடக்கைகளும் ஒன்றே. எண்கள் எல்லாம் சரி. விடைகள் மட்டும் இரண்டு. தொகையிடல் மாறிலியில் வந்த வேறுபாடோ என்றேன்.

"எக்ஸு எப்ப சார் மாறிலியாச்சு?"

தொகையிடும் முன்பே ஏதோ பிசகியிருக்க வேண்டும். என் −1/(x−1) + 4/(x−2) என்பதில் x = 0 இட்டேன்: −1. மூலப் பின்னத்திலோ பூச்சியம். x = 3 இட்டேன்: மூன்றரை; மூலத்தில் நாலரை. எங்கு இட்டாலும் ஒன்று குறைந்தது. வெகுநேரம் விளங்கவில்லை. கூட்டலில் தவறா, கண்ணில் கோளாறா என்று அதையே மூன்றாம் முறையும் எழுதினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "மேலயும் ரெண்டு படி, கீழயும் ரெண்டு படி சார்."

தகா பின்னம். முதலில் வகுத்திருக்க வேண்டும். ஈவு ஒன்று, அதைத் தொகையிட்டால் x. மறைத்துப் போடும் முறை அந்த ஈவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மற்ற இரண்டையும் பிழையின்றித் தந்துவிடும். பல ஆண்டுகளாக வகுப்பில் எச்சரித்து வந்த இடம் அது. எப்படித் தவறவிட்டேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அவளுக்கு முழு மதிப்பெண் இட்டுக் கையெழுத்திட்டேன், தேர்ச்சி.

"இவ தப்பிச்சா. எக்ஸு போடாம முழு மார்க்கு வாங்குனவுக கட்டு கட்டா இருக்காக. அவுக சாபம் எனக்கு வேணாம் சார், நீங்களே வாங்கிக்கிருங்க."

கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விடைக்குறிப்பை மட்டும் அவரிடம் தள்ளினேன்.

"மற்ற கணக்குகளையும் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்."

அவர் பேனாவைத் திறந்தார்.