ஜூனில் பிரிந்த கோடு

காரைக்குடியில் ஒரு பலகாரக் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கூட்டத்தில் முதலாளி ஆச்சிக்கு மாத விற்பனையைத் திரையில் காட்டும் பொறுப்பு எனக்கு.

"பார் சார்ட்டே போடும்மா. தீபாவளி மாசம் ஒசந்து நிக்கும், ஆச்சி சந்தோசப்படுவாக" என்றார் மேலாளர்.

அவர் சொன்னபடியே தீபாவளிப் பட்டை கம்பீரமாக நின்றது. ஆனாலும் போன வருடத்தோடு ஒப்பிட நினைத்தேன். அதன் பட்டைகளையும் சேர்த்ததும் படம் நெருக்கியடித்து, ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வருடங்களையும் இரண்டு கோடுகளாக மாற்றினேன். மே வரை ஒட்டியே போன கோடுகள் ஜூனில் பிரிந்தன. அதன்பின் இந்த வருடக் கோடு பழையதைத் தொடவேயில்லை. தீபாவளிக்கும் கீழேதான் இருந்தது.

கூட்டத்தில் அந்தப் படத்தையே போட்டேன். மேலாளர் என்னை முறைத்தார். முதலாளி ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே போனார்.

"ஜூன்ல என்ன செஞ்சீக?"

மேலாளர் எழுந்தார்.

"எண்ணெய மாத்துனோம் ஆச்சி" என்றார். "வெல கொறச்சலா கெடச்சுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவரிடம் இதைக் கேட்ட கையோடு ஆச்சி என் பக்கம் திரும்பினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இனிமே மாசாமாசம் இந்தக் கோட்டுப் படத்த நேரா எங்கிட்டக் கொண்டா ஆத்தா" என்றார்.

மறுவாரமே முன்பு வாங்கிய எண்ணெயே திரும்ப வந்தது. மேலாளர்தான் என்னோடு வெகுநாள் பேசவில்லை.