என் மருமகள் செய்த கண்ணாடி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பழைய நகைக்கு மெருகு போடுவதில் ஆரம்பித்து, இன்று இரண்டு நகைக்கடைக்கு முதலாளி. தங்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. அப்பேர்ப்பட்ட என்னையே வாயைப் பிளக்க வைத்தவள் என் மருமகள்.

கடையில் அவளுக்கு 'ஜூம் அக்கா' என்று பெயர். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்ப்பாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் கடை மாடியறையில் உட்கார்ந்து ஒரு திரை செய்தாள். முன்னால் போய் நின்றால் நம் முகம் தெரியும். கையால் தொடாத நகை காதிலும் கழுத்திலும் ஏறிக்கொள்ளும்.

முதலில் பார்த்தபோது, "என்னம்மா, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு?" என்றேன்.

"அவசரப்படாதீங்க மாமா" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கத்துத் தோடு கன்னத்துக்குப் பின்னால் மறைந்தது. தலையைச் சாய்த்தால் தொங்கட்டான் கூடவே சாயாமல் நேர் கீழே தொங்கியது. முகத்தில் வெளிச்சம் விழும் திசையைக் கணித்து, அட்டிகையின் நிழலைக் கழுத்தில் எதிர்ப்பக்கமாக விழவைத்தாள். தங்கம் தன் நிறத்தை மட்டுமா காட்டும்? எதிரில் இருப்பதையும் வாங்கிக் காட்டும். ஜன்னல் பக்கம் நின்றால் வெள்ளைக் கீற்று ஓடியது. நான் சிவப்புச் சட்டையோடு நின்றபோது அட்டிகையின் கீழ் விளிம்பில் சிவப்புப் படர்ந்தது! ஆசை தீர இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த வயசுல உங்களுக்கு அட்டிகை கேக்குதா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

இதற்கிடையே வெளியூரிலிருந்து பழைய ஆபீஸ்காரர்கள் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். திரையைக் கடையில் வைக்கிற அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

"முதல்ல வர்றவங்க இதைப் பாத்து நகை எடுத்தா, நான் இங்கயே இருக்கேன் மாமா. இல்லன்னா மூட்டை கட்டிடுறேன். எனக்கே நம்பிக்கை போயிடும்" என்றாள். என் மகனுக்கு முகமே செத்துவிட்டது.

முதலில் வந்தது ஒரு கல்யாணப் பெண், கூடவே அவள் பெரியம்மா. போட்டோ எடுத்துவிட்டு, முழு மேக்கப்போடு நேரே வந்திருந்தார்கள். பெண் கேட்ட கல் தொங்கட்டான் எங்கள் இன்னொரு கடையில் இருந்தது. எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அதுவரை திரையில் போட்டுக் காட்டினாள் மருமகள்.

பெரியம்மா பார்த்தாள். "இது காதுக்குத் தோடா, கதவுக்கு மணியா? எழுந்திரு, அடுத்த கடைக்குப் போகலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொங்கட்டான் தோளை இடித்துக்கொண்டிருந்தது. மருமகள் உதட்டைக் கடித்தபடி அட்டிகையையும் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே அளவுக்குப் பெருத்திருந்தது. நிழல் சரி, மினுமினுப்பு சரி.

"ரெண்டும் சேர்ந்து பெருத்திருக்குன்னா அளவுகோல்லதான் தப்பு" என்று முணுமுணுத்தவள், இரண்டு விரலால் பெண்ணின் கண்ணை விரித்தாள், திரையில்தான். "நீங்க கண்ணுல கலர் லென்ஸ் போட்டிருக்கீங்களா?"

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சத்தமா சொல்லாதீங்க! மாப்பிள்ளைக்கே தெரியாது."

விஷயம் இதுதான். பெரியவர்கள் யாராயிருந்தாலும் கருவிழியின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதை வைத்துத்தான் திரை முகத்தை அளந்து நகைக்கு அளவு போடுகிறது. பெண்ணின் லென்ஸோ கருவிழியைப் பெரிதாகக் காட்டும் ரகம். அதை நிஜமென்று நம்பி, திரை நகையையும் ஊதிவிட்டது.

பெண் லென்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தொங்கட்டான் தோளை விட்டு மேலேறி, தாடைக்குப் பக்கத்தில் பாந்தமாக நின்றது!

"இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்கு" என்றாள் பெரியம்மா. "ஆனா நிஜம் வரட்டும்."

நிஜம் வந்தது. மருமகள் அதில் ஒன்றை மட்டும் பெண்ணின் ஒரு காதில் மாட்டினாள். மறு காதுக்குத் திரையே போட்டது. பெரியம்மா திரையை உற்று உற்றுப் பார்த்தாள். "கல்லு நல்லா இருக்கே" என்று திரையைப் பார்த்தபடியே கையை நீட்டித் தொங்கட்டானைத் தொடப் போனாள். விரலில் வெறுங்காதுதான் அகப்பட்டது.

"அடிப்பாவி!" என்று அவள் போட்ட கூச்சலில் கடையே சிரித்தது. நான் மேஜையைத் தட்டினேன். என் மகன் விசிலே அடித்துவிட்டான்.

"ஜோடியா பில் போடுங்க" என்றாள் பெண்.

மருமகள் ஓரமாகப் போய் போன் பேசினாள். "இல்ல சார், வரல. இங்கயே வேலை இருக்கு." அவ்வளவுதான் பேச்சு.

என் வாழ்க்கையில் ஆயிரம் சரக்கை எடைபோட்டவன் நான். இந்த மருமகளைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான், மகன் என்ன சொன்னாலும் சரி. இன்னொரு கடைக்கும் ஒரு திரை என்று அங்கேயே அறிவித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. எந்த பேங்க் கார்டும் ஒரே அளவுதானாம்; லென்ஸ்காரர்கள் கன்னத்தோரம் அதைப் பிடித்தால், அதை வைத்து அளக்க வழி செய்யத் தொடங்கிவிட்டாள்.

"மாமா, கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள். நகர்ந்தேன்.